பத்து நானோ ஃபாரட் ஏன்?

மின் தொகுப்பில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் டிஜிட்டல் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று ஃபேஸ்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னழுத்தம், ஒரு மின்னோட்டம். ஆக, ஆறு சிக்னல்கள். உயர் மின்னழுத்தத்தையும் பெரிய மின்னோட்டத்தையும் டிரான்ஸ்ஃபார்மர்கள் இறக்கிக் கொடுக்க, ஆறும் பிளஸ் 5 வோல்ட்டுக்கும் மைனஸ் 5 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கும் அலைகளாகச் சர்க்யூட் போர்டுக்கு வந்துசேர்கின்றன. அவற்றை எண்களாக மாற்ற ஏடிசி என்ற ஒரே ஒரு சிப்தான் இருக்கிறது. பழைய, பேர்போன ஏடி574 என்று வைத்துக்கொள்வோம். 10 வோல்ட் அகலத்தை 4,096 படிகளாகப் பிரித்து அளக்கும் 12 பிட் சிப் அது. ஒரு படி 2.44 மில்லிவோல்ட். ஓர் எண்ணைச் சொல்ல அதற்குச் சுமார் 25 மைக்ரோ நொடி ஆகிறது.

ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பது நமக்கு ஒன்றுமேயில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரமோ பார்ப்பதற்கு மெதுவான அலை. ஆனால் கணக்குப் போட்டால் வேறு கதை தெரியும். 5 வோல்ட் உச்சம் கொண்ட அந்த அலை, பூஜ்யத்தைக் கடக்கும்போது நொடிக்கு 1,571 வோல்ட் வேகத்தில் ஏறுகிறது. ஏடிசி எண்ணிக்கொண்டிருக்கும் 25 மைக்ரோ நொடிக்குள் அது 39 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். அதாவது 16 படிகள்.

இந்த வகை ஏடிசி வேலை செய்யும் முறையே சிக்கலுக்குக் காரணம். அது தராசில் எடைக்கற்களை வைத்துப் பார்ப்பதுபோல அளக்கிறது: முதலில் பாதி, பிறகு கால், பிறகு அரைக்கால் என்று 12 முறை கற்களைச் சேர்த்தும் எடுத்தும் பார்க்கிறது. அதற்குள் தட்டிலுள்ள சரக்கே கூடிக் குறைந்தால், முதலில் எடுத்த முடிவுகள் தப்பாகிவிடும். திரும்பிப் போய்த் திருத்த வழியில்லை. அரைப் படிக்கு மேல் பிழை வரக்கூடாது என்றால், இந்த ஏடிசி தனியாக அளக்கக்கூடிய முழு உயர அலையின் அதிர்வெண் ஏறக்குறைய ஒன்றரை ஹெர்ட்ஸ்தான். வீட்டு மின்சாரத்தைக்கூட அதனால் அளக்க முடியாது.

அதனால்தான் ஏடிசிக்கு முன்னால் சாம்பிள் அண்ட் ஹோல்ட் சர்க்யூட் உட்கார்ந்திருக்கிறது. 1954இல் எப்ஸ்கோ நிறுவனத்தில் பெர்னார்ட் கார்டன் உருவாக்கிய டேட்ராக் என்ற வால்வு ஏடிசியிலேயே இது இருந்தது. அதன் உட்பொருள் மூன்றுதான்: உள்ளே வரும் சிக்னலைத் தாங்கும் ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு மின்னணு ஸ்விட்ச், ஒரு கப்பாசிட்டர். ஸ்விட்ச் மூடியிருக்கும்போது கப்பாசிட்டரின் மின்னழுத்தம் சிக்னலைப் பின்தொடர்கிறது. ஸ்விட்ச் திறந்த கணத்தில் இருந்த மின்னழுத்தம் கப்பாசிட்டரில் அப்படியே நின்றுவிடுகிறது. அதை இன்னோர் ஆம்ப்ளிஃபயர், சார்ஜை உறிஞ்சாமல் படித்து ஏடிசியிடம் கொடுக்கிறது.

நம் கருவிக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. ஏடிசி ஒன்றுதான் என்பதால் ஆறு சிக்னல்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அளக்க முடியும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாற 5 மைக்ரோ நொடியையும் சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் 30 மைக்ரோ நொடி. மின்னழுத்தத்தை அளந்து 30 மைக்ரோ நொடி கழித்து மின்னோட்டத்தை அளந்தால், 50 ஹெர்ட்ஸில் அது 0.54 டிகிரி கோணப் பிழை. பவர் ஃபேக்டர் 0.5 ஆக இருக்கும் ஒரு தொழிற்சாலையில், மின்திறன் கணக்கு இதனாலேயே 1.6 சதவீதம் பிசகும். மாறாக, ஆறு சிக்னலுக்கும் ஆறு சாம்பிள் அண்ட் ஹோல்ட் வைத்து, ஒரே கட்டளையில் ஆறையும் நிறுத்திவிட்டால், ஏடிசி நிதானமாக ஒவ்வொன்றாகப் படித்துக்கொள்ளலாம். ஆறாவது கப்பாசிட்டர் மட்டும் 180 மைக்ரோ நொடி காத்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ள சிப் எல்எஃப்398. எட்டுக் கால்கள், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் ஸ்விட்சும் உள்ளேயே இருக்கும். கப்பாசிட்டர் மட்டும் வெளியே, ஆறாவது காலில். அதன் மதிப்பு என்ன என்பதைச் சர்க்யூட்டை வடிவமைப்பவர் தீர்மானிக்க வேண்டும்.

பிடிக்கும் நேரமும் சரிவும்

பாடப்புத்தகம் இந்தத் தேர்வை இருமுனை இழுபறியாகச் சொல்லும். கப்பாசிட்டர் பெரிதானால் நிரம்ப நேரமாகும். சிறிதானால் நிரம்பியது சீக்கிரம் வடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சமன்பாடுதான்:

`ΔV = I × t ÷ C`

மின்னழுத்த மாற்றம் என்பது, ஓடிய மின்னோட்டத்தையும் ஓடிய நேரத்தையும் பெருக்கிக் கப்பாசிட்டரின் மதிப்பால் வகுத்தது. நிரப்பும்போது I பெரிதாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். பிடித்து வைக்கும்போது அது பூஜ்யமாக வேண்டும் என்று விரும்புகிறோம்.

முதலில் நிரப்புவது. ஸ்விட்சை மூடச் சொன்ன கணத்திலிருந்து, கப்பாசிட்டர் புதிய மின்னழுத்தத்தை எட்டி, நாம் குறித்த துல்லியத்துக்குள் நிலைபெறும்வரை ஆகும் நேரம்தான் அக்விசிஷன் டைம், அதாவது பிடிக்கும் நேரம். எல்எஃப்398 தன் கப்பாசிட்டருக்குள் ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் செலுத்தவல்லது. 10 நானோ ஃபாரட் கப்பாசிட்டரில் 10 வோல்ட் ஏற வேண்டுமென்றால், சமன்பாட்டின்படி 20 மைக்ரோ நொடி. சிப்பின் டேட்டா ஷீட்டும் 0.1 சதவீதத் துல்லியத்துக்கு இதே 20 மைக்ரோ நொடியைத்தான் சொல்கிறது. 1 நானோ ஃபாரட் என்றால் 4 மைக்ரோ நொடி. பத்து மடங்கு சிறிய கப்பாசிட்டருக்கு நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறையாததைக் கவனிக்கலாம். ஓடிச் சேரும் நேரம் குறைந்தாலும், சேர்ந்தபின் அசைந்து அடங்கும் நேரம் அப்படியே குறைந்துவிடுவதில்லை.

டேட்டா ஷீட்டைப் படிக்கும்போது இங்கே ஒரு கண்ணி உண்டு. 0.1 சதவீதம் என்பது 10 வோல்ட்டில் 10 மில்லிவோல்ட். நமக்கு அது நான்கு படி. 12 பிட்டின் அரைப் படிக்குள் அடங்க வேண்டுமென்றால், அதைவிட எட்டு மடங்கு நுணுக்கமாக நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே 20 என்று அச்சிட்டிருந்தாலும், 50 மைக்ரோ நொடி ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

நம் கருவியில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரு சுற்றுக்கு 32 முறை அளப்பதாகக் கொண்டால், இரண்டு அளவைகளுக்கு இடையே 625 மைக்ரோ நொடி. அதில் 180 பிடித்து வைக்கப் போனால், மீதி 445 மைக்ரோ நொடி பின்தொடர்வதற்குக் கிடைக்கிறது.

அடுத்தது வடிவது. ஸ்விட்ச் திறந்த பிறகும் அதன் வழியாகவும், ஆம்ப்ளிஃபயரின் வாசல் வழியாகவும் துளி மின்னோட்டம் கசியும். அதனால் பிடித்து வைத்த மின்னழுத்தம் மெல்ல ஏறவோ இறங்கவோ செய்யும். இதுதான் ட்ரூப் எனப்படும் சரிவு. எல்எஃப்398இல் 25 டிகிரி செல்சியஸில் இந்தக் கசிவு வழக்கமாக 30 பிகோ ஆம்பியர், அதிகபட்சம் 200. அந்த அதிகபட்சத்தையே எடுத்துக்கொண்டாலும், 1 நானோ ஃபாரட் கப்பாசிட்டரில் 180 மைக்ரோ நொடிக்குச் சரிவு 0.036 மில்லிவோல்ட். ஒரு படியின் அறுபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் அந்த 25 டிகிரி, சிப்பின் உள்ளே இருக்க வேண்டிய வெப்பநிலை. அறையின் வெப்பநிலை அல்ல. மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெயில் காலத்தில் 60 டிகிரி ஆகலாம். பிளஸ், மைனஸ் 15 வோல்ட்டில் ஓடும் சிப் தன் சூட்டால் இன்னும் 20 டிகிரி சேர்த்துக்கொள்ளும். உள்ளே 80 டிகிரி. இந்தக் கசிவு ஏறக்குறைய ஒவ்வொரு 11 டிகிரிக்கும் இரட்டிக்கும். 25இலிருந்து 80க்கு ஐந்து இரட்டிப்பு. ஆக 32 மடங்கு. 200 பிகோ ஆம்பியர் 6.4 நானோ ஆம்பியர் ஆகிவிட்டது. அதே 1 நானோ ஃபாரட்டில் சரிவு இப்போது 1.15 மில்லிவோல்ட். அரைப் படி என்பது 1.22. சமாளித்துவிட்டோம், ஆனால் மற்ற பிழைகளுக்கு இடமே வைக்காமல். 10 நானோ ஃபாரட் போட்டால் இதே சரிவு 0.115 மில்லிவோல்ட்டாக இறங்கி, கவலையில்லாமல் போகிறது.

இதுவரை வந்த கணக்கின்படி 1 நானோ ஃபாரட் விளிம்பில் நிற்கிறது. அதற்கு மேல் எல்லாமே சரி. நேரம் தாராளமாக இருப்பதால், 100 நானோ ஃபாரட் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். பாடப்புத்தகத்தின் இருமுனை இழுபறி இங்கே விடை சொல்லாமல் நின்றுவிடுகிறது. விடையைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு.

ஸ்விட்ச் திறக்கும்போது விழும் துளி

ஸ்விட்ச் என்பது ஒரு டிரான்சிஸ்டர். அதைத் திறக்க, அதன் கட்டுப்பாட்டு முனையின் மின்னழுத்தத்தைச் சட்டென்று மாற்ற வேண்டும். அந்த முனைக்கும் கப்பாசிட்டருக்கும் இடையே, தவிர்க்க முடியாத ஒரு சிறு கப்பாசிட்டன்ஸ் உண்டு. அதன் வழியே ஒரு துளி சார்ஜ் நம் கப்பாசிட்டருக்குள் தள்ளப்படுகிறது. பிடித்த மதிப்பு, பிடித்த கணத்திலேயே ஒரு படி தாண்டிவிடும். இதற்கு ஹோல்டு ஸ்டெப் என்று பெயர்.

எல்எஃப்398இல் 10 நானோ ஃபாரட்டுடன் இந்தத் தாவல் வழக்கமாக 1 மில்லிவோல்ட். அப்படியானால் துளியின் அளவு 10 பிகோ கூலும். கப்பாசிட்டர் எதுவானாலும் துளி ஏறக்குறைய அதேதான். எனவே 1 நானோ ஃபாரட்டில் தாவல் 10 மில்லிவோல்ட், அதாவது நான்கு படி. மிக மோசமான சூட்டில் வரும் சரிவைவிட இது எட்டு மடங்குக்கும் மேல்.

மாறாத பிழைதானே, மென்பொருளில் கழித்துவிடலாம் என்று கேட்கலாம். பெரும்பகுதியைக் கழிக்கலாம்; ஆனால் உள்ளே வரும் மின்னழுத்தத்தோடும் வெப்பநிலையோடும் மாறும் பகுதி மிஞ்சும். இரவில் ஆலை ஓய்ந்து, முழுச் சுமையில் 5 வோல்ட் காட்டும் மின்னோட்டச் சிக்னல் கால் வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தில், 10 மில்லிவோல்ட் என்பது நான்கு சதவீதம். அதில் கால்வாசி மிஞ்சினாலும் ஒரு சதவீதப் பிழை. ஆகவே 1 நானோ ஃபாரட் இங்கேயே தேர்விலிருந்து விழுகிறது.

இந்தத் துளியைப் போர்டு வடிவமைப்பாளரும் பெருக்கிவிட முடியும். ஹோல்டு கட்டளையைக் கொண்டுவரும் தடம் ஆறாவது காலுக்குப் பக்கத்தில் ஓடி, இரண்டுக்கும் இடையே 1 பிகோ ஃபாரட் உண்டானாலே போதும். 5 வோல்ட் கட்டளை 5 பிகோ கூலும் சார்ஜைச் சேர்த்துத் தள்ளிவிடும். 10 நானோ ஃபாரட்டிலும் அது அரை மில்லிவோல்ட்.

பெரிய கப்பாசிட்டர் ஏன் கூடாது

இனி மறுமுனை. 100 நானோ ஃபாரட் போட்டால் தாவல் 0.1 மில்லிவோல்ட், சரிவு அதைவிடக் குறைவு. நிரப்ப 200 மைக்ரோ நொடிக்கு மேலாகும். 445இல் அதற்கும் இடமுண்டு. குறை எங்கே?

சிப்புக்குள், கப்பாசிட்டருக்குப் போகும் வழியில் சுமார் 300 ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. அதனால் பின்தொடரும் நேரத்திலும் கப்பாசிட்டரின் மின்னழுத்தம் உள்ளே வரும் சிக்னலைவிடச் சற்றுப் பின்தங்கியே வரும். எவ்வளவு என்பது, 300 ஓமைக் கப்பாசிட்டரின் மதிப்பால் பெருக்கினால் கிடைக்கும். 10 நானோ ஃபாரட்டுக்கு 3 மைக்ரோ நொடி. 100 நானோ ஃபாரட்டுக்கு 30 மைக்ரோ நொடி. எந்த 30 மைக்ரோ நொடி கோணப் பிழையைத் தவிர்க்க ஆறு சிப்களை வாங்கினோமோ, அதே 30.

ஆறும் ஒரே அளவு பின்தங்கினால், மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கோணம் கெடாது என்பது உண்மை. ஆனால் கப்பாசிட்டர்கள் அச்சடித்தாற்போல் வருவதில்லை. பத்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று விற்கப்படும் வகையில், ஒன்று 27 மைக்ரோ நொடியும் இன்னொன்று 33 மைக்ரோ நொடியும் பின்தங்கலாம். இடையே 6 மைக்ரோ நொடி, அதாவது 0.1 டிகிரி. பவர் ஃபேக்டர் மிகக் குறைந்த சுமைகளில் இது பெரிதாகத் தெரியும். 10 நானோ ஃபாரட், ஐந்து சதவீத வகை என்றால், இந்த வித்தியாசம் 0.3 மைக்ரோ நொடிக்குள் நின்றுவிடும்.

ஆக, தாவல் கீழே எல்லை போடுகிறது. பின்தங்கல் மேலே எல்லை போடுகிறது. நடுவில் நிற்பது 10 நானோ ஃபாரட். சரிவும் பிடிக்கும் நேரமும் அதைச் சரிபார்க்க மட்டுமே உதவின. தேர்ந்தெடுத்தது அவை அல்ல.

பழையதை மறக்காத கப்பாசிட்டர்

மதிப்பு முடிவானபின், கடையில் 10 நானோ ஃபாரட் என்று கேட்டால், முதலில் கிடைப்பது மலிவான செராமிக் கப்பாசிட்டர். அதை இங்கே போடக்கூடாது. கப்பாசிட்டரின் தகடுகளுக்கு இடையிலுள்ள பொருள், தன்மீது முன்பு இருந்த மின்னழுத்தத்தில் ஒரு பங்கை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாகத் திருப்பி விடும். புதிய மதிப்பைப் பிடித்து வைத்த பிறகு அது பழைய மதிப்பை நோக்கி ஊர்ந்து போகும். எக்ஸ்7ஆர் போன்ற பொது வகைச் செராமிக்கில் இது ஒரு சதவீதத்தைத் தாண்டும். பாலியெஸ்டரில் அதைவிடக் குறைவு, ஆனாலும் 12 பிட்டுக்கு அதிகம். பாலிப்ரோப்பிலீன், பாலிஸ்டைரீன் ஆகியவற்றிலும், செராமிக்கிலேயே சி0ஜி என்ற வகையிலும்தான் இது தாங்கக்கூடிய அளவுக்குச் சிறியது. பாலிஸ்டைரீன் சூடு தாங்காது. சூடான பெட்டிக்குப் பாலிப்ரோப்பிலீன் அல்லது சி0ஜிதான் பொருத்தம்.

எது தப்பு என்று கண்டுபிடிப்பது

இந்தப் பிழைகள் ஒவ்வொன்றும் அலைகாட்டியில் வெவ்வேறு வடிவம் காட்டும். சோதனைக்காக, நிலையான ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து, வழக்கமான 180 மைக்ரோ நொடிக்குப் பதில் ஒரு நொடி பிடித்து வைத்துப் பார்க்க வேண்டும். ஹோல்டு கட்டளை வந்த கணத்தில் ஒரு தாவல், பிறகு மட்டமான கோடு என்றால், அது துளி சார்ஜ். ஒரே சாய்வில் நேர்கோடாகப் போனால், அது சிப்பின் கசிவு. முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வளைந்து, முன்பிருந்த மதிப்பின் பக்கம் போய் நின்றுவிட்டால், கப்பாசிட்டரின் வகை சரியில்லை. முன்பிருந்த மதிப்பை மாற்றிக் கொடுக்கும்போது வளைவின் திசையும் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

நேர்கோட்டின் சாய்வையும் அளந்து பார்க்கலாம். அறை வெப்பத்தில் 10 நானோ ஃபாரட்டுடன், 200 பிகோ ஆம்பியர் நொடிக்கு 20 மில்லிவோல்ட்தான் சரிக்கும். அதைவிடப் பல மடங்கு இருந்தால், குற்றவாளி சிப் அல்ல, போர்டு. சால்டரிங் ஃப்ளக்ஸின் மிச்சமும் ஈரக்காற்றும் சேர்ந்து 15 வோல்ட் தடத்துக்கும் ஆறாவது காலுக்கும் இடையே 1,000 கோடி ஓம் வழி ஒன்றைப் போட்டாலே, 1.5 நானோ ஆம்பியர் ஓடி நொடிக்கு 150 மில்லிவோல்ட் நகர்த்திவிடும். மழைக்காலத்தில் மட்டும் தப்புக் காட்டும் கருவிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. போர்டை நன்றாகக் கழுவி உலர்த்துவது ஒரு மருந்து. ஆறாவது காலையும் கப்பாசிட்டரின் அந்த முனையையும் சுற்றி ஒரு செம்பு வளையம் வரைந்து, அதைச் சிப்பின் வெளியீடான ஐந்தாவது காலோடு இணைப்பது இன்னொன்று. வளையமும் கப்பாசிட்டரும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், இடையே கசிவு ஓடக் காரணமில்லை. வெளியிலிருந்து வருவதை வளையம் வாங்கிக்கொள்ளும்.

சோதிக்கும்போது ஒரு விஷயம் மறக்கக்கூடாது. அலைகாட்டியின் முனையை ஐந்தாவது காலில்தான் வைக்க வேண்டும். கப்பாசிட்டர்மேலேயே வைத்தால், வழக்கமான 10 மெகா ஓம் புரோப் அதை 0.1 நொடியில் பெரும்பகுதி காலியாக்கிவிடும். 180 மைக்ரோ நொடிக்குள்ளேயே 5 வோல்ட்டில் 9 மில்லிவோல்ட் போய்விடும். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் சோதனை அது.

இன்றைய ஏடிசிகள் பலவற்றில் சாம்பிள் அண்ட் ஹோல்ட் சிப்புக்குள்ளேயே வந்துவிட்டது. கப்பாசிட்டரைத் தேர்ந்தெடுக்கும் வேலை நமக்கில்லை. ஆனால் அதை நிரப்பும் வேலை இன்னும் நம்முடையது. ஆர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பின் உட்புறக் கப்பாசிட்டர் 14 பிகோ ஃபாரட். சிக்னலின் மூலத் தடை 10 கிலோ ஓமோ அதற்குக் கீழோ இருக்கட்டும் என்று அதன் டேட்டா ஷீட் சொல்கிறது. ஒரு சென்சாரைப் பல நூறு கிலோ ஓம் வழியாக இணைத்து, இரண்டு வாசல்களை மாற்றி மாற்றிப் படித்தால், ஒன்றின் அளவு மற்றதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றிப் பார்ப்பதற்கு முன், அந்த வாசலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். மெதுவாக மாறும் சிக்னல் என்றால், உள்ளே இருக்கும் 14 பிகோ ஃபாரட்டை நிரப்பத் தேவையான சார்ஜ் ஏழாயிரம் மடங்கு பெரிய இந்த இருப்பிலிருந்து உடனே கிடைத்துவிடும். அளவு சரியாகிவிட்டால், கோளாறு சென்சாரில் இல்லை, பிடிக்கும் நேரத்தில்தான் இருந்தது என்று முடிவு செய்யலாம்.